‘அனுப்புகிறோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதுமுன்

நம் தந்தையார் காலத்தில் வெளியூர் வியாபாரிக்கு அவசரச் செய்தி என்றால் தந்திதான். சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே ஒரு சொல்லைக்கூட வீணாக்க மாட்டார்கள். ‘அரைவிங் மண்டே’ என்று இரண்டே சொற்கள் வரும். திங்கட்கிழமை ஆள் வந்து இறங்குவார் என்று எதிர்பார்த்து, இங்கே கணக்கு நோட்டை எடுத்து வைத்து விடுவார்கள். சரக்குக்கும் அப்படியே, ‘சென்டிங் தர்ஸ்டே’ என்று வரும். ‘வில்’ என்ற சொல்லைத் தந்தியில் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். காசை மிச்சப்படுத்தவே அப்படி எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சிக்கனத்துக்குள்ளே ஆங்கில இலக்கணமும் சரியாக உட்கார்ந்திருந்தது. பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது, நாள் குறித்தாகிவிட்டது என்றால் ஆங்கிலத்தில் ‘அரைவிங்’தான் சரி.

2013 ஜூலையில் தந்தி நின்றது. இப்போது அந்த இடத்தில் மின்னஞ்சல் இருக்கிறது. இதில் சொல்லுக்குக் காசு இல்லை. அதனாலேயோ என்னவோ, நம்மவர்கள் சொல்லை எடை போடாமல் போடுகிறார்கள். அப்படி ஒரு சொல் கைதவறியதால் அகரத்தில் நம் வியாபார நண்பர் ஒருவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை இங்கே எழுதுகிறோம். பெயரும் கடைப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறோம்.

நண்பர் சின்ன வெங்காயம் வாங்கி வெளி மாநிலங்களுக்கு அனுப்புபவர். ஐதராபாத்தில் பல மளிகைக் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் ஒருவர் இவருடைய வாடிக்கையாளர். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குத் தெலுங்கும் இந்தியும் தெரியாது. தொலைபேசியில் பேசினால் இருவரும் ‘ஓகே ஓகே’ என்று சொல்லி வைத்து விடுவார்கள். ஆகவே நாள், மூட்டைக் கணக்கு, விலை எல்லாம் மின்னஞ்சலில்தான். ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை மாலையில் அங்கிருந்து இப்படி ஒரு வரி வந்தது.

```
Can you send 60 bags of small onion on Thursday?
```

நண்பர் உடனே பதில் தட்டினார்.

```
Sure sir. We are sending 60 bags on Thursday.
```

‘கண்டிப்பா சார், வியாழக்கிழமை அறுபது மூட்டை அனுப்பிடுறோம்’ என்று மனதில் சொல்லிக்கொண்டதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிவிட்டார். அப்போது அவர் குடோனில் இருந்தது 35 மூட்டை. மீதி 25 மூட்டை பட்டறையில் இருந்து வரவேண்டும். லாரிக்கு இன்னும் பேசவில்லை. முத்தாலம்மன் திருவிழா வாரம் வேறு. ஏற்றுக்கூலிக்கு வரும் ஆட்களில் பாதிப் பேர் கோயில் பக்கம் போய்விட்டார்கள், வழக்கமான டிரைவரும் ஊரில் இல்லை. வியாழன் போய், வெள்ளி போய், சனிக்கிழமை மாலைதான் லாரி கிளம்பியது.

அங்கே நடந்தது வேறு. ‘ஆர் சென்டிங்’ என்று பார்த்தவுடன் அந்த வியாபாரி, சரக்கு கட்டியாகிவிட்டது, வண்டி அமர்த்தியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். 900 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், சனிக்கிழமை காலை வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, தன் கடைகளுக்குச் சொல்லிவிட்டார். வேறு இடத்தில் கேட்டு வைத்திருந்த சரக்கை வேண்டாம் என்றார். இறக்குக் கூலிக்கு ஆளும் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முழுவதும் கை நழுவிப் போனபின், திங்கட்கிழமை காலை லாரி போய் நின்றது. கிலோவுக்கு 3 ரூபாய் குறைத்தால்தான் இறக்குவேன் என்று சொல்லிவிட்டார். மூட்டைக்கு 50 கிலோ வீதம் 60 மூட்டை, 3,000 கிலோ. 9,000 ரூபாய் போயிற்று.

நண்பர் நம்மிடம் கேட்டது இதுதான்: ‘நாம என்ன பொய்யா சொன்னோம்? அனுப்புறோம்னுதானே சொன்னோம்? ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆனா, அதுக்கு இந்த அபராதமா?’

தமிழில் அவர் சொன்னதில் தவறே இல்லை. ‘அனுப்புறோம்’ என்ற ஒரே சொல் நம் பேச்சில் மூன்று வேலை செய்கிறது. லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருக்கும்போதும் ‘அனுப்புறோம்’ என்கிறோம். லாரி பேசி முன்பணம் கொடுத்து, நாளை மறுநாள் ஏற்றவேண்டியதையும் ‘அனுப்புறோம்’ என்கிறோம். ஒருவர் கேட்ட அந்த நிமிடத்தில், முகதாட்சண்யத்துக்கு ஒத்துக்கொண்டு கொடுக்கும் வாக்கையும் ‘சரி, அனுப்புறோம்’ என்கிறோம். எது எந்த வகை என்பது குரலிலும், முகத்திலும், ‘கண்டிப்பா’, ‘பார்த்து’ என்ற ஒட்டுச் சொற்களிலும் தெரிந்துவிடும். எதிரில் நிற்பவர் தமிழர் என்றால் அவருக்கும் புரிந்துவிடும்.

வருங்காலச் செய்தியை நிகழ்காலத்தில் சொல்வது பேச்சுவழக்கின் சோம்பல் என்று யாரும் எண்ண வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலிலேயே பவணந்தி முனிவர் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் ஒரு காலத்துக்குரிய வினை வேறு காலத்தில் வரலாம் என்பது அவர் வகுத்த விதி. கடைப் பையனைக் கூப்பிட்டால், இருந்த இடத்தை விட்டு அசையாமலே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறானே, அது விரைவு. நடக்கப் போவது உறுதி என்னும்போது அதை இப்போதே நடப்பது போலச் சொல்வது தெளிவு. 

ஆங்கிலேயர் இந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து இரண்டாகப் பிரித்து விட்டார்கள். ஏற்கெனவே பேசி முடித்து, இன்னொருவரும் அதில் கட்டுப்பட்டு, நாளும் குறித்தாகிவிட்ட காரியத்துக்கு ‘ஆர் சென்டிங்’. இலக்கணப் புத்தகத்தில் இதைப் பிரசன்ட் கன்டினியுவஸ் என்பார்கள். இப்போதுதான் முடிவெடுக்கிறோம், அல்லது வாக்குக் கொடுக்கிறோம் என்றால் ‘வில் சென்ட்’. ‘வில்’ என்ற சொல்லின் பழைய பொருளே விருப்பம் என்பதுதான். சொத்து எழுதி வைக்கும் ‘உயில்’ என்ற சொல்லும் அதே ஆங்கிலச் சொல் தமிழில் உருமாறியதுதான். எழுதி வைத்தவருடைய விருப்பம் அது. ஆகவே ‘வில்’ என்றால் எழுதுபவரின் மனம் பேசுகிறது. ‘ஆர் சென்டிங்’ என்றால் அவருடைய ஏற்பாடு பேசுகிறது.

நண்பர் கொடுத்தது வாக்கு. எழுதியதோ ஏற்பாடு. ஐதராபாத்துக்காரர் ஏற்பாட்டை நம்பினார். அவர் மேல் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதற்கு ஒரு காரணம். வருங்காலம் என்றால் ‘வில்’, நிகழ்காலம் என்றால் ‘இங்’ என்று பலகையில் மூன்று கட்டம் போட்டு எழுதினார்கள். அந்தக் கட்டத்தை அப்படியே நம்பினால் ‘வருவேன்’ என்பதற்கு ‘வில் கம்’, ‘வருகிறேன்’ என்பதற்கு ‘ஆம் கமிங்’ என்று ஆகிவிடும். ஆனால் நாம் கடையில் ‘நாளைக்கு வருவேன்’ என்று எத்தனை முறை சொல்கிறோம்? ‘வர்றேன்’ என்றுதானே சொல்கிறோம்? ‘வருவேன்’ என்பதை, வாடிக்கையாக வருவதற்கோ அடித்துச் சொல்வதற்கோதான் பெரும்பாலும் வைத்திருக்கிறோம். ஆகவே தமிழ் வினையைப் பார்த்து ஆங்கில வினையைத் தேர்ந்தெடுத்தால் பாதி நேரம் தவறிவிடும்.

வினையைப் பார்க்காமல் காரியத்தைப் பார்க்க வேண்டும். மின்னஞ்சலை அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: இந்த வரியை எழுத உட்காரும் முன்பே இது முடிவாகி இருந்ததா? லாரிக்காரர், தரகர், வங்கி, எதிர்க் கடைக்காரர் என்று நம்மைத் தவிர இன்னொருவருக்கும் இது தெரியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் ‘இங்’ போடலாம். எழுதும்போதுதான் மனதில் வந்தது என்றால் ‘வில்’.

நண்பருடைய அந்த வாரத்தையே இந்தக் கேள்வியை வைத்து மறுபடி எழுதிப் பார்த்தோம். திங்கட்கிழமை மாலை அவர் எழுதியிருக்க வேண்டியது:

```
We have 35 bags ready. We will arrange the other 25
and confirm the lorry by Tuesday 6 pm.
```

இதில் முதல் வரி கையிருப்பு. இரண்டாவது வரி வாக்கு, அதுவும் நேரம் குறித்த வாக்கு. ஐதராபாத்துக்காரர் இதைப் படித்துவிட்டுக் கடைகளுக்குச் சொல்லியிருக்க மாட்டார். செவ்வாய் மாலைவரை பொறுத்திருப்பார், தன் பழைய சரக்கையும் ரத்து செய்திருக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை லாரிக்கு ஆள் கிடைத்து முன்பணமும் கொடுத்திருந்தால் அடுத்த வரி:

```
Lorry is booked. We are sending 60 bags on Thursday evening.
```

இப்போதுதான் ‘ஆர் சென்டிங்’ தன் இடத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் ‘லாரி இஸ் புக்டு’ என்பது அந்த ‘இங்’குக்கு ஆதாரம். நாளும் பொழுதும் போடவேண்டும் என்பதையும் கவனியுங்கள். ‘தர்ஸ்டே’ என்ற சொல்லை விட்டுவிட்டு வெறுமனே எழுதினால், மூட்டை இப்போது வண்டியில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருளாகிவிடும்.

உண்மையில் நடந்தது போல் லாரி கிடைக்காமல் போயிருந்தால் என்ன எழுதியிருப்பார்? இங்கேதான் இன்னொரு கண்ணி இருக்கிறது. முன்னதைவிட இது ஆபத்தானது என்பது நம் கருத்து. இந்த இரண்டையும் பாருங்கள்.

```
We will not send the bags on Thursday.
We are not sending the bags on Thursday.
```

முதல் வரியைப் படிப்பவர் காதில் ‘அனுப்ப மாட்டோம்’ என்று விழும். மறுக்கிறார்கள், ஏதோ கோபம், பழைய பாக்கிக்காக நிறுத்துகிறார்கள் என்றெல்லாம் அவர் எண்ணத் தொடங்குவார். இரண்டாவது வரி ‘வியாழக்கிழமை அனுப்பலை’ என்பது போல. ஏற்பாடு மாறிவிட்டது, அவ்வளவுதான். ‘மாட்டோம்’ என்பதற்கும் ‘அனுப்பலை’ என்பதற்கும் உள்ள தூரம் நம்மில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடன் கேட்டு வருபவரிடம் எதைச் சொன்னால் உறவு நிற்கும், எதைச் சொன்னால் அறுந்துபோகும் என்று தெரிந்தவர்கள்தானே நாம். எதிர்மறையில் மட்டும் தமிழும் ஆங்கிலமும் இப்படி ஏறக்குறைய ஒன்றுபோல நடக்கின்றன. ஆகவே ‘இல்லை’ என்று எழுத வேண்டியபோது தமிழ்க் காதை நம்பலாம். கூடவே காரணத்தையும் அடுத்த நாளையும் சேர்த்தால் போதும்:

```
We are not sending on Thursday. Drivers are on festival leave.
We will send on Saturday and call you when the lorry starts.
```

சனிக்கிழமைக்கு ஏன் ‘வில்’ போட்டோம் என்றால், அதற்கு வண்டி இன்னும் முடிவாகவில்லை. வண்டி முடிவான பிறகு மறுபடி ஒரு வரி எழுதி ‘ஆர் சென்டிங்’ ஆக்கிக்கொள்ளலாம். இப்படி ஒரே சரக்கு ‘வில்’லில் தொடங்கி ‘இங்’குக்கு மாறுவதை, எதிர்முனையில் இருப்பவர் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டால், நம் மின்னஞ்சலை வைத்தே தன் ஆட்களுக்கு வேலை சொல்லத் தொடங்கிவிடுவார்.

கேள்வி கேட்கும்போதும் இதே வேறுபாடு உண்டு. கம்பெனி டெப்போவுக்கு ‘ஆர் யூ சென்டிங் ஸ்டாக் ஆன் ஃபிரைடே’ என்று எழுதினால், உங்கள் ஏற்பாட்டில் வெள்ளிக்கிழமை உண்டா என்று விசாரிக்கிறோம். ‘வில் யூ சென்ட்’ என்றால், அனுப்பி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அங்கே இருப்பவர் அட்டவணையைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லவேண்டுமானால் முதல் வகை. நமக்காக ஒரு நடை கூடுதலாக வண்டி விடவேண்டுமானால் இரண்டாவது வகை.

பணம் விஷயத்துக்கு வருவோம். ‘பத்தாம் தேதி பணம் போடுறோம்’ என்பதை நம்மவர்கள் ‘வி ஆர் பேயிங் ஆன் டென்த்’ என்று தாராளமாக எழுதிவிடுகிறார்கள். வங்கியில் தேதி போட்டுக் கட்டளை கொடுத்தாகிவிட்டது, அல்லது பின்தேதிக் காசோலை அவர் கையில் இருக்கிறது என்றால் அப்படி எழுதுவது சரி. வசூலை நம்பிச் சொல்வதானால் ‘வில் பே’ என்பதே நேர்மை. அங்கே ‘ஆன்’ என்பதை ‘பை’ ஆக்கிக்கொள்வது நல்லது. ‘ஆன் டென்த்’ என்றால் பத்தாம் தேதியன்று, ‘பை டென்த்’ என்றால் பத்தாம் தேதிக்குள். வாக்குக் கொடுக்கும் ‘வில்’லுக்கு இந்த ‘பை’ நன்றாகப் பொருந்தும். நாள் குறித்த ‘இங்’குக்கு ‘ஆன்’தான் பொருத்தம்.

யாராலும் ஏற்பாடு செய்ய முடியாத காரியத்துக்கு ‘இங்’ போடக்கூடாது. மழை, விலை, வரத்து இவையெல்லாம் அந்த வகை. ‘நாளைக்கு மழை பெய்யும்’ என்கிறோமே தவிர ‘நாளைக்கு மழை பெய்யுது’ என்று தமிழிலும் சொல்வதில்லை. வெங்காய விலை அடுத்த வாரம் ஏறும் என்பதும் நம் கணிப்புத்தான், ‘வில் கோ அப்’ என்றே எழுதவேண்டும். லாரி எப்போது போய்ச் சேரும் என்பதும் இதில் சேர்ந்தது. கிளப்புவது நம் கையில், போய்ச் சேர்வது சாலையின் கையில். ஆகவே ஒரே மின்னஞ்சலில் இப்படி இரண்டும் வரலாம்:

```
The lorry is leaving on Thursday at 7 pm.
It will reach you on Saturday morning.
```

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், இது நம் கடிதங்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘வி ஆர் ஹேவிங் 40 பேக்ஸ்’, ‘வி ஆர் நீடிங்’ என்று எழுதுவது தவறு. கையில் இருப்பது, தேவைப்படுவது, தெரிந்திருப்பது போன்றவை நிலைமைகள். அவற்றுக்கு ‘இங்’ வராது, ‘வி ஹேவ்’, ‘வி நீட்’ என்று எழுதினால் போதும்.

மனதில் தீர்மானித்துவிட்டோம், ஆனால் ஏற்பாடு ஒன்றும் செய்யவில்லை என்ற நடுநிலைக்கு ‘கோயிங் டு’ என்று ஒன்று இருக்கிறது. ‘தை மாதம் புது குடோன் எடுக்கலாம்னு இருக்கோம்’ என்பது போல. சரக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை என்பதால் விட்டுவிடுகிறோம்.

இவ்வளவும் கேட்டபின் நண்பர் ஒரு சந்தேகம் எழுப்பினார். ‘அப்ப வில்லுன்னு போட்டா நாளைக்கு வழக்கு வந்தா தப்பிச்சுக்கலாமா?’ முடியாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவின்படி, மின்னஞ்சல் வழியாக ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது. குறித்த நாளில் செய்வதாக ஒப்புக்கொண்டு தவறினால் என்ன ஆகும் என்பதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. நாள் முக்கியம் என்ற எண்ணத்தோடு செய்த ஒப்பந்தமானால் எதிர்த்தரப்பு அதை ரத்து செய்யலாம். அப்படி இல்லாவிட்டாலும், தவறியதால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம். இரு தரப்பும் எதை ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. ‘வில்’லா, ‘இங்’கா என்பதை மட்டும் வைத்து யாரும் தப்பிக்க இடமில்லை. நாம் சொல்லும் வேறுபாடு வழக்குமன்றத்துக்கு முந்தியது. எதிரில் இருப்பவர் இறக்குக் கூலிக்கு ஆள் பேசலாமா, பேசாமல் பொறுக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது.

எல்லாரும் இந்தக் கோட்டை மதித்து எழுதுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டோம். ஐதராபாத்தில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ வரும் கடிதங்களிலும் கலப்படம் உண்டு. ‘வில் டூ த நீட்ஃபுல்’ என்று தேதியே இல்லாமல் வரும் வரியை வாக்காகக்கூட எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது நம் அனுபவம். அத்தகைய வரி வந்தால் கோபப்படாமல் ஒரே ஒரு வரி திருப்பி எழுதலாம்:

```
Is the lorry booked? Are you sending on Friday?
```

‘யெஸ், சென்டிங்’ என்று பதில் வந்தால் ஆள் பேசலாம். ‘வில் டிரை’ என்று வந்தால் கையிருப்பை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

நண்பர் இப்போது கல்லாப்பெட்டிக்கு மேலே, தொலைபேசி எண்கள் எழுதிய அட்டையின் கீழ், பேனாவால் ‘வண்டி பேசியாச்சா?’ என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். மின்னஞ்சல் தட்டும் பையன் அதைப் பார்த்துவிட்டு, லாரி புக்கிங் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ‘இங்’ போடுகிறானாம். ரசீது தொலைந்துபோன ஒரு நாள், வண்டி வாசலில் நிற்கும்போதே ‘வில் சென்ட்’ என்று எழுதிவிட்டான் என்று சொல்லிச் சிரித்தார்.